1995 டொராண்டோ கணக்கும் ஒரு பையனோட ரஃப் நோட்டும்: கோஷி-ஷ்வார்ஸை எங்க வைக்கணும்?

பக்கத்து தெருவுல ஒரு பையன், ப்ளஸ் ஒன் படிக்கறான், ஆர்.எம்.ஓ.ங்கற வட்டார கணித ஒலிம்பியாட்டுக்கு தயார் பண்ணிட்டு இருக்கான். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ரஃப் நோட்டைத் தூக்கிட்டு வந்து நின்னான். "அண்ணா, ஒவ்வொரு வரியும் சரியாத்தான் இருக்கு, ஆனா கடைசில நிரூபிக்க வேண்டியதே பொய்யா வருது"ன்னான். வாங்கிப் பாத்தேன். 1995ல கனடா டொராண்டோவுல நடந்த ஐ.எம்.ஓ.ங்கற சர்வதேச கணித ஒலிம்பியாட்டோட ரெண்டாவது கணக்கு. அவன் எங்க விழுந்தானோ அதே இடத்துல நானும் விழுந்திருக்கேன், எனக்குத் தெரிஞ்சு நிறைய பேர் விழுந்திருக்காங்க, அதனால அன்னிக்கு ரெண்டு பேரும் உக்காந்து தோண்டினதை அப்படியே முழுசா எழுதறேன்.

கணக்கு இதுதான். a, b, c மூணும் பாசிட்டிவ், abc = 1. அப்போ

```
1/(a³(b+c)) + 1/(b³(c+a)) + 1/(c³(a+b)) ≥ 3/2
```

அப்படின்னு நிரூபிக்கணும்.

முதல்ல கருவியை, அதாவது கோஷி-ஷ்வார்ஸ் சமனின்மையை, ஒரு தடவை எடுத்து மேசைல வச்சுடலாம். கோஷி 1821ல தன் பாடப் புத்தகத்துல போட்டது, புன்யகோவ்ஸ்கி 1859ல இன்டக்ரலுக்குக் கொண்டு போனது, அப்புறம் ஷ்வார்ஸ் பேரும் ஒட்டிக்கிச்சு. சொல்றது என்னன்னா, ரெண்டு வரிசை நம்பர் எடுத்துக்கிட்டு, ஜோடி ஜோடியா பெருக்கிக் கூட்டி அந்த மொத்தத்தை வர்க்கம் பண்ணா வர்றது, ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியா வர்க்கம் பண்ணிக் கூட்டி அந்த ரெண்டு கூட்டலையும் பெருக்கினா வர்றதைத் தாண்டவே தாண்டாது.

```
(p₁q₁ + p₂q₂ + p₃q₃)² ≤ (p₁² + p₂² + p₃²)(q₁² + q₂² + q₃²)
```

எப்போ சமமா வரும்னா ரெண்டு வரிசையும் ஒரே விகிதத்துல இருக்கும்போது மட்டும்தான், அதாவது p₁:q₁ = p₂:q₂ = p₃:q₃. இல்லன்னா எவ்வளவு வித்தியாசம் வரும்ங்கறதுக்கும் கச்சிதமா கணக்கு இருக்கு, வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கத்தைக் கழிச்சா (p₁q₂ − p₂q₁)² மாதிரி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வர்க்கம் வந்து அதெல்லாம் கூடி நிக்கும், லெக்ராஞ்ச் ஐடென்டிட்டின்னு சொல்வாங்க. இதை ஏன் இப்பவே சொல்றேன்னா, விகிதம் எவ்வளவு கோணுதோ அவ்வளவு வீணாகுதுன்னு நேராவே காட்டற வரி அது, பையனோட தப்பு அங்கதான் ஒளிஞ்சிருக்கு.

பின்னங்கள் கூட்டல்ல வந்தா நாம இதை நேரா இந்த உருவத்துல யூஸ் பண்றதில்ல. p-க்கு x/√y, q-க்கு √y போட்டு ஒரு தடவை மாத்தி வச்சுக்கறோம்:

```
x₁²/y₁ + x₂²/y₂ + x₃²/y₃ ≥ (x₁ + x₂ + x₃)² / (y₁ + y₂ + y₃)
```

எங்கெல்லாம் எங்கல் வடிவம், டிட்டு லெமான்னு பேர் கேக்கறீங்களோ அதெல்லாம் இதேதான். கீழ இருக்கற y எல்லாம் பாசிட்டிவா இருந்தே ஆகணும், அதுல சமரசமே கிடையாது, ஏன்னா √y எடுத்திருக்கோம். 1/2 கூட 1/(−1) கூட்டிப் பாருங்க, −1/2 வரும், ஃபார்முலாவோ (1+1)²/(2−1) = 4ன்னு சொல்லும். கீழ a+b−c மாதிரி ஏதாவது வந்தா, அது முக்கோணப் பக்கங்கள்னு கணக்குல சொல்லியிருக்கான்னு பாத்துட்டுத்தான் கை வைக்கணும்.

இப்போ பையனோட நோட்டு. அவன் பண்ணது எல்லாரும் முதல்ல பண்றதுதான். மேல 1 இருக்கு, 1 = 1², அப்போ x எல்லாம் 1, y எல்லாம் கீழ இருக்கறது. இடது பக்கம் ≥ 9 / (a³(b+c) + b³(c+a) + c³(a+b)). அப்போ கீழ இருக்கற கூட்டல் 6ஐத் தாண்டாதுன்னு காட்டிட்டா வேலை முடிஞ்சுது. அந்தக் கடைசி வரியைத்தான் அரை மணி நேரமா ஏ.எம்.-ஜி.எம். போட்டு மல்லுக்கட்டிட்டு இருந்திருக்கான். ஒரு பக்கம் முழுக்க அடிச்சு அடிச்சு எழுதியிருந்தான்.

நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "நம்பர் போட்டுப் பாத்தியாடா?" a = 2, b = 1, c = 1/2 போட்டோம், பெருக்கினா 1தான். a³(b+c) மட்டுமே 8 × 1.5 = 12. ஒத்த டெர்ம்லயே 6ஐத் தாண்டிருச்சு. மத்ததும் சேத்தா 12 + 2.5 + 0.375 = 14.875, அப்போ அவனுக்குக் கிடைக்கற கீழ் எல்லை 9/14.875, சுமாரா 0.605. நமக்கு வேண்டியது 1.5. நிஜமான இடது பக்கம் எவ்வளவுன்னு பாத்தா 0.083 + 0.4 + 2.667 = 3.15. 3.15 இருக்கற இடத்துல 0.605க்கு இறக்கி விட்டுட்டான். அவன் நிரூபிக்கப் பாத்தது கஷ்டமான விஷயம் இல்ல, பொய்யான விஷயம். பொய்யை நிரூபிக்க அரை மணி நேரம் போயிருக்கு, மூணு நம்பர் போட்டிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். கோஷி-ஷ்வார்ஸ் அடிச்ச உடனே, அடுத்த வரியை நிரூபிக்கறதுக்கு முன்னாடி, சமமில்லாத ஒரு செட் நம்பர் போட்டுப் பாக்கறதை பழக்கமாவே வச்சுக்கணும்னு நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் சொல்றது அதனாலதான்.

அவன் உடனே கேட்டான், நல்ல கேள்வி அது. "ஆனா அண்ணா, a = b = c = 1 போட்டா ரெண்டு பக்கமும் 3/2 வருதே, ஈக்வாலிட்டி கேஸ் சரியா இருந்தா போதும்னுதானே கோச்சிங்ல சொன்னாங்க?"

போதும்னு இல்ல, அது இல்லாம முடியாது, அவ்வளவுதான். எந்தப் புள்ளில நிஜ சமனின்மை சமமாகுதோ அந்தப் புள்ளில நாம போடற ஒவ்வொரு படியும் சமமாகணும், ஒரு படி கோட்டை விட்டாலும் அந்தப் பாதை செத்துது, அதைத் திருப்பிக் கொண்டு வரவே முடியாது. ஆனா அந்தப் புள்ளில சரியா இருக்கறது நூறு பாதைக்கும் பொருந்தும், இந்த மாதிரி சமச்சீர் கணக்குல a = b = c வச்சா எல்லா x-ம் ஒண்ணு, எல்லா y-ம் ஒண்ணு, விகிதம் தானா சமமாயிடும். அந்தப் புள்ளியை விட்டு விலகினதும் எது எவ்வளவு கோணுதுங்கறதுதான் பாதையைத் தேர்ந்தெடுக்கற விஷயம், அதை யாரும் சொல்லித் தர்றதில்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம் உண்டு.

எப்படிப் பாக்கறதுன்னா இப்படி. சமமாக x₁:y₁ = x₂:y₂ = x₃:y₃ ஆகணும். ஒரு டெர்ம் x²/y. அதை x × (x/y)ன்னு பிரிச்சு எழுதினா, x/y எல்லாத்துக்கும் ஒண்ணேன்னா டெர்ம் அப்படியே x-க்கு நேர் விகிதத்துல இருக்கும். அப்போ விதி என்ன ஆச்சு? x-ஐ எதுவா எடுத்துக்கறோமோ அது டெர்ம் கூடவே ஏறி டெர்ம் கூடவே இறங்கணும். எந்த டெர்ம் பெருசோ அதுக்கு x பெருசா இருக்கணும், எது சின்னதோ அதுக்கு சின்னதா. அவ்வளவுதான் விஷயம், ஆனா இதை மனசுல வச்சுக்கிட்டா பாதி கணக்கு கண்ணுலயே தெரிஞ்சுடும்.

பையன் எடுத்த x என்ன? 1, 1, 1. டெர்ம்கள் என்ன? 0.083, 0.4, 2.667. கடைசி டெர்ம் முதல் டெர்மை விட 32 மடங்கு பெருசு, அவன் ரெண்டுக்கும் ஒரே வெயிட் கொடுத்திருக்கான். வீணாகாம என்ன ஆகும்!

டெர்மைப் பாருங்க, 1/(a³(b+c)). a பெருசானா டெர்ம் சின்னதாகுது, அதுவும் வேகமா சின்னதாகுது. அப்போ x-லயும் a கீழ போகணும். முதல்ல தோணறது x = 1/a. மேல 1/a² வேணும்னா மேலயும் கீழயும் a²-ஆல வகுக்கணும், கீழ a³(b+c) இருந்தது a(b+c) ஆயிடும்:

```
1/(a³(b+c)) = (1/a)² / (a(b+c))
```

இப்போ கோஷி-ஷ்வார்ஸ் போட்டா மேல (1/a + 1/b + 1/c)², கீழ a(b+c) + b(c+a) + c(a+b) = 2(ab+bc+ca). இங்க abc = 1 உள்ள வருது, 1/a = bc, 1/b = ca, 1/c = ab, அதனால மேல இருக்கறது (ab+bc+ca)². ஒண்ணு கேன்சல் ஆகி மிஞ்சறது

```
இடது பக்கம் ≥ (ab + bc + ca)/2
```

ab, bc, ca மூணையும் பெருக்கினா (abc)² = 1, ஏ.எம்.-ஜி.எம்.ல கூட்டல் 3க்குக் குறையாது, 3/2 வந்துடுச்சு. கணக்கு முடிஞ்சுது. மொத்தம் மூணு வரி. பையன் நோட்டைப் பாத்தான், என்னைப் பாத்தான், "இவ்வளவுதானா"ன்னான்.

அவ்வளவுதான், ஆனா நான் அவனை விடலை, ஏன்னா 1/a-ங்கறது எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியலன்னா அடுத்த கணக்குல மறுபடியும் அதே குழிதான். "சரி, 1/a எடுத்தோம், 1/a² எடுத்தா என்ன ஆகும்? 1/(a-ஓட ஒன்றரை அடுக்கு) எடுத்தா? எல்லாத்துக்கும் அதே 2, 1, 1/2 போட்டு வாடா"ன்னு கால்குலேட்டரைக் கொடுத்துட்டு காபி போடப் போனேன். வந்து பாத்தா வரிசையா எழுதி வச்சிருந்தான். x = 1 எடுத்தா கீழ் எல்லை 0.605. x = 1/a எடுத்தா 1.75. ஒன்றரை அடுக்கு எடுத்தா சுமாரா 2.50. x = 1/a² எடுத்தா 2.98. இரண்டரை அடுக்கு எடுத்தா 3.14, நிஜ மதிப்பு 3.15ஐ கிட்டத்தட்ட தொட்டுடுச்சு.

ஏன் இரண்டரைல போய் ஒட்டுது? அதுக்கும் அதே விதிதான் பதில். 2, 1, 1/2க்கு 1/(a-ஓட இரண்டரை அடுக்கு) போட்டா 0.177, 1, 5.66. டெர்ம்கள் 0.083, 0.4, 2.667, நடுவுல இருக்கறதை 1ஆ மாத்தி எழுதினா 0.21, 1, 6.67. ரெண்டு வரிசையும் ஒட்டி ஒட்டிப் போகுது பாருங்க. a³ கீழ இருக்கறது மூணு அடுக்கு, ஆனா abc = 1 இருக்கறதால a ஏறும்போது b+c கொஞ்சம் இறங்குது, அது கீழ இருக்கறதால டெர்மை கொஞ்சம் தூக்கி விடுது, மூணுலேர்ந்து அரை குறைஞ்சு இரண்டரை. a = b = c = 1க்குப் பக்கத்துல கொஞ்சமா நகத்திப் பாத்தா இந்தக் கணக்கு கச்சிதமாவே வரும்.

அப்போ எல்லாரும் இரண்டரை அடுக்கையே எடுத்துக்கலாமே? இங்கதான் இன்னொரு பக்கம் இருக்கு. இரண்டரை எடுத்தா கீழ (b+c)/a² மாதிரி மூணு டெர்ம் கூடி நிக்கும், மேல வர்க்க மூலம் கலந்த அடுக்குகளோட வர்க்கம், அதை வச்சுக்கிட்டு 3/2ன்னு காட்டறது முதல் கணக்கை விட மோசமான கணக்கு. ஒன்றரை எடுத்தா கீழ சுத்தமா 2(a+b+c) மட்டும் நிக்கும், பாக்க அழகா இருக்கும், பாதையும் உண்மைதான், ஆனா மேல இருக்கறதை அடக்க பவர் மீன் வரைக்கும் போக வேண்டி இருக்கு. ஒட்டி வர்ற பாதை எப்பவும் மிச்ச வேலையை அதிகமா வைக்கும், தளர்வா வர்ற பாதை மிச்ச வேலையைக் குறைக்கும், ஆனா அளவு மீறித் தளர்ந்தா பொய்யாயிடும். 1/a இந்தக் கணக்குல ஜெயிக்கறது அது ரொம்ப ஒட்டறதால இல்ல, 3.15க்கு 1.75ன்னா நிறையவே தளர்வுதான். 1.5க்கு மேல நிக்குது, கீழ கூட்டினா 2(ab+bc+ca)ன்னு கணக்குல ஏற்கனவே இருக்கற பொருளா மாறுது, மேல வர்றதும் அதேவா மாறி கேன்சல் ஆகுது. என்னோட பழக்கம் என்னன்னா முதல்ல x டெர்ம் போற திசைல போகுதான்னு மட்டும் பாப்பேன், அப்புறம் அந்தத் திசைல எந்த அடுக்குல நின்னா கீழ இருக்கற கூட்டல் சுத்தமாகுதுன்னு பாத்து அங்க நிப்பேன்.

இதே கணக்கை x = 1/a, y = 1/b, z = 1/cன்னு மாத்திப் போடறவங்களும் உண்டு. xyz = 1 வச்சு சுருக்கினா முதல் டெர்ம் x²/(y+z) ஆயிடும், மொத்தமும் x²/(y+z) + y²/(z+x) + z²/(x+y), கோஷி-ஷ்வார்ஸ் போட்டா (x+y+z)²/(2(x+y+z)) = (x+y+z)/2 ≥ 3/2. பாக்க வேற தீர்வு மாதிரி இருக்கும், ஆனா ரெண்டும் அதே ஆள் வேற சட்டை. அதே நம்பர் போட்டா இங்கயும் (0.5 + 1 + 2)/2 = 1.75 வரும். ஆனா இந்த மாத்தலுக்கு ஒரு சௌகரியம் இருக்கு, மேல வர்க்கம் தானா வந்து நிக்குது, எதால பெருக்கணும்னு யோசிக்கவே வேணாம். abc = 1ன்னு கொடுத்து கீழ பெரிய அடுக்கு இருந்தா முதல்ல இதைப் பண்ணிப் பாக்கறது நல்லது.

விதி நிஜமாவே உக்காந்துடுச்சான்னு பாக்க அவனுக்கு நெஸ்பிட் கொடுத்தேன், 1903லேர்ந்து சுத்திட்டு இருக்கற கணக்கு: a/(b+c) + b/(c+a) + c/(a+b) ≥ 3/2, நிபந்தனை எதுவும் இல்ல, பாசிட்டிவா இருந்தா போதும். மேல a இருக்கு, அதை (√a)²ன்னு எழுதி அடிக்கலாம்தானே? அடிச்சா (√a+√b+√c)²/(2(a+b+c)), அதாவது (√a+√b+√c)² ≥ 3(a+b+c)ன்னு காட்டணும், ஆனா கோஷி-ஷ்வார்ஸே அதுக்கு நேர் எதிரா ≤ன்னு சொல்லுது. 4, 1, 1 போட்டா 16/12 = 1.33, கீழ போயிடுச்சு. இந்தத் தடவை அவனே சொன்னான், "டெர்ம் 2, 0.2, 0.2, ஆனா நான் 2, 1, 1 வெயிட் வச்சிருக்கேன், பத்தலை, இன்னும் ஏத்தணும்". x = a எடுத்தா 4, 1, 1. மேலயும் கீழயும் a-ஆல பெருக்கி a²/(a(b+c)), கூட்டினா (a+b+c)²/(2(ab+bc+ca)), இது 3/2க்குக் குறையாதுங்கறது a²+b²+c² ≥ ab+bc+ca-வேதான். 4, 1, 1க்கு 36/18 = 2 வருது, நிஜம் 2.4. எனக்கு அன்னிக்கு அந்தக் காபி ரொம்ப நல்லா இருந்துச்சு.

அப்புறம் திசை. கோஷி-ஷ்வார்ஸோட பின்ன உருவம் பின்னங்களோட கூட்டலுக்குக் கீழ் எல்லைதான் கொடுக்கும், மேல் எல்லை கொடுக்கவே கொடுக்காது. மேல் எல்லை வேணும்னு கணக்கு கேட்டா நிறைய பசங்க பழக்க தோஷத்துல பின்ன உருவத்தையே அடிச்சு, வந்த ≥-ஐ வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம முழிப்பாங்க. இதுக்கு நல்ல உதாரணம் 2005 மெக்சிகோ மெரிடால நடந்த ஐ.எம்.ஓ.வோட மூணாவது கணக்கு. x, y, z பாசிட்டிவ், xyz ≥ 1,

```
(x⁵−x²)/(x⁵+y²+z²) + (y⁵−y²)/(y⁵+z²+x²) + (z⁵−z²)/(z⁵+x²+y²) ≥ 0
```

இதைப் பையன் அடுத்த வாரம் எடுத்துட்டு வந்தான். மேல x⁵−x² இருக்கு, அது நெகட்டிவாவும் ஆகலாம், அதனால வர்க்கமா எழுதவே முடியாது, பின்ன உருவம் வாசல்லயே நின்னுடும். முதல் வேலை மேல இருக்கற குழப்பத்தை எடுக்கறது. x⁵−x²ங்கறது (x⁵+y²+z²) − (x²+y²+z²), அதனால ஒவ்வொரு டெர்மும் 1 − S/(x⁵+y²+z²), S = x²+y²+z². மூணையும் கூட்டினா நிரூபிக்க வேண்டியது

```
1/(x⁵+y²+z²) + 1/(y⁵+z²+x²) + 1/(z⁵+x²+y²) ≤ 3/S
```

இப்போ பின்னங்களுக்கு மேல் எல்லை வேணும். பின்னத்தை மேல அடக்கணும்னா கீழ இருக்கறது பெருசுன்னு காட்டணும். அப்போ கோஷி-ஷ்வார்ஸை பின்னக் கூட்டல் மேல அடிக்காம ஒரே ஒரு பின்னத்தோட கீழ் பாகத்து மேல அடிக்கணும். x⁵+y²+z² ஒரு வர்க்கக் கூட்டல்னு வச்சுக்கிட்டு, அதோட ஜோடியா ஒரு அடைப்பை நாமளே செஞ்சு வைக்கணும், பெருக்கினா S² வர்ற மாதிரி. y² இருந்து y² வரணும்னா ஜோடில y², z²க்கு z². x⁵-லேர்ந்து x² வரணும்னா ஜோடில 1/x வேணும், ஏன்னா x⁵ × 1/x = x⁴, மூலம் x². ஆக (x⁵+y²+z²)(1/x + y²+z²) ≥ S². xyz ≥ 1ங்கறதால 1/x ≤ yz, அதனால

```
(x⁵+y²+z²)(yz + y² + z²) ≥ S²
1/(x⁵+y²+z²) ≤ (yz + y² + z²)/S²
```

1/x-ஐ yz ஆக்கினதுதான் இங்க நுட்பம். அப்படியே விட்டிருந்தா மூணையும் கூட்டும்போது 1/x + 1/y + 1/z வந்து நின்னு S கூட அடுக்கே ஒத்துப் போகாது. yz ஆக்கினதும் எல்லாமே ரெண்டாம் அடுக்கு. மூணையும் கூட்டினா (2S + xy+yz+zx)/S², xy+yz+zx ≤ S, ஆக 3S/S² = 3/S.

பையன் இப்போ கேக்காமலே நம்பர் போட ஆரம்பிச்சுட்டான், அதே 2, 1, 1/2. S = 5.25. நிஜ இடது பக்கம் 0.030 + 0.190 + 0.199 = 0.419. நம்ம மேல் எல்லை (10.5 + 3.5)/27.5625 = 0.508. வேண்டியது 3/5.25 = 0.571. எல்லாம் சரியான வரிசைல நிக்குது. ஆனா அவன் அதோட நிறுத்தலை, முதல் டெர்ம்ல மட்டும் விகிதத்தைப் பாத்திருக்கான், 32, 1, 0.25க்கு ஜோடி 0.5, 1, 0.25, அப்போ விகிதம் 64, 1, 1. "அண்ணா, இது பயங்கரமா கோணுதே, இருந்தும் எப்படி தப்பிச்சோம்?"

0.030 இருக்கற டெர்முக்கு நாம வச்ச எல்லை 0.0635, ரெண்டு மடங்குக்கு மேல, நிஜமாவே கோணல்தான். ஆனா அந்த டெர்மே பொடி, ரெண்டு மடங்கு ஆனாலும் மொத்தத்துல 0.033தான் ஏறுது. மத்த ரெண்டு டெர்ம்தான் மொத்தத்துல முக்காவாசிக்கு மேல தூக்குது, அங்க பாத்தா விகிதங்கள் y-க்கு 1, 1, 1, z-க்கு 1/32க்கு ஜோடி 2, கோணல்தான், ஆனா 1/32-ம் 2-ம் பக்கத்துல 4-ம் 1-ம் நிக்குது. டொராண்டோ கணக்குல x = 1 எடுத்தப்போ கோணல் பெரிய டெர்ம் மேலயே விழுந்துச்சு, 2.667ஐ நசுக்கிச்சு. இங்க டெர்மையே ரெண்டு மடங்காக்கற கோணல் சின்ன டெர்ம்ல போய் விழுது. கோணல் இருக்கான்னு மட்டும் பாத்தா பத்தாது, எந்த டெர்ம்ல இருக்குன்னும் பாக்கணும்னு அவன் நோட்டோட ஓரத்துல அவனே எழுதி ஒரு கட்டம் போட்டு வச்சுக்கிட்டான்.